காலைக் குளிரில் எழும்பாத டி.வி.ஆர் பவர் போர்ட்: ஈ.எஸ்.ஆர் மீட்டரால் கெட்ட கெப்பாசிட்டரைப் பிடிப்பது எப்படி?

நுவரெலியா_சர்வீஸ்

வணக்கம். கடையொன்றின் கேமரா டி.வி.ஆர் கைக்கு வந்திருக்கு. உள்ளே 12 வோல்ட் 5 அம்பியர் பவர் போர்ட். ஐசி யூ.சி.3842. இரவு முழுக்கக் கரண்ட் இருந்தால் ஒரு குறையும் இல்லை. இரவில் கரண்ட் போய்க் காலையில் வந்தால் மட்டும் எழும்பாது. லைட் மங்கலாக நடுங்கும், டிரான்ஸ்போமரிலிருந்து மெல்லிய "கிர்ர்" சத்தம் வரும், அவ்வளவுதான். பிளக்கை அப்படியே விட்டால் 20, 25 நிமிடத்தில் தானாக பூட் ஆகும். பிறகு நாள் முழுக்க ஓடும். பகலில் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் உடனே வருது.

கொழும்பில் ஒரு இடத்துக்கு அனுப்பி, "குறை இல்லை" என்று திரும்பி வந்த சாமான் இது. பியூஸ், பிரிட்ஜ், மொஸ்பெட் எல்லாம் சரி. எந்தக் கெப்பாசிட்டரும் உப்பவில்லை. நேற்று பின்னேரம் போர்டில் இருந்தபடியே ஈ.எஸ்.ஆர், அதாவது கெப்பாசிட்டரின் உள்தடை, பார்த்தேன். வெளியீட்டுப் பக்கம் 1000 மைக்ரோ 16 வோல்ட் இரண்டும் 0.04 ஓம். ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் 22 மைக்ரோ 50 வோல்ட் 5.8 ஓம். மீட்டரின் அட்டவணைப்படி 22 மைக்ரோவுக்கு ஒன்றிரண்டு ஓம்தான் வரணும். 5.8ஐ வைத்துக் கெட்டது என்று முடிவெடுக்கலாமா?

வயர்மேன்_பதுளை

தம்பி, கெப்பாசிட்டரை விடுங்க. இது ஸ்டார்ட் ரெசிஸ்டர். பெரிய கெப்பாசிட்டரின் பிளஸிலிருந்து ஐசியின் 7ஆம் காலுக்குப் போகிற பெரிய ரெசிஸ்டர் இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து ஓம் ஏறிப்போகும். ஐசிக்குத் தேவையான வோல்ட் வந்து சேர நேரம் எடுக்கும், அதனால்தான் 25 நிமிடம். மாற்றினால் சரி.

ஈயப்புகை

வயர்மேன் அண்ணே சொல்கிற குறை உண்மையாகவே வருகிற குறைதான். ஆனால் இந்த போர்டில் அது இல்லை என்று அந்த "கிர்ர்" சத்தமே காட்டிக்கொடுக்கிறது.

யூ.சி.3842 தொடங்க 7ஆம் காலில் 16 வோல்ட் அளவுக்கு வரவேண்டும். தொடங்கிய பிறகு 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாக நின்றுவிடும். ரெசிஸ்டர் ஏறிப்போயிருந்தால் 16ஐ எட்டக் கனநேரம் ஆகும், இல்லை எட்டவே எட்டாது. எட்டாதவரை ஐசி ஒரு துடிப்புக்கூடக் கொடுக்காது, டிரான்ஸ்போமரிலிருந்து சத்தமும் வராது. இங்கே சத்தம் வருகிறது, லைட்டும் நடுங்குகிறது. ஆக ஐசி தொடங்குகிறது, உடனே நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. 16ஐ எட்டிய கணத்திலிருந்து, ஐசிக்கு வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்போமரின் துணைச் சுற்று பாரத்தை ஏற்கும்வரை ஐசியைத் தாங்க வேண்டியது அந்த 22 மைக்ரோ மட்டும்தான். அது தாங்கவில்லை.

உங்கள் 5.8 ஓம் பற்றி. அது பின்னேரத்து அளவு, நாள் முழுக்க வேலை செய்த அறையின் சூட்டில் எடுத்தது. அலுமினிய எலெக்ட்ரோலைட்டிக்கின் உள்ளே மின்சாரத்தைக் கடத்துவது ஒரு திரவம். குளிர்ந்தால் அது மந்தமாகி ஈ.எஸ்.ஆர் ஏறும், சூடானால் இறங்கும். நல்ல கெப்பாசிட்டரிலும் இது நடக்கும், ஆனால் ஒரு ஓம் ஒன்றரை ஆவதால் சர்க்கிட்டுக்கு ஒன்றும் தெரியாது. திரவம் வற்றிப்போன கெப்பாசிட்டரில் அதே குளிர் பல மடங்காகக் காட்டும். உங்கள் ஊரில் ஜனவரி விடியலில் 8, 10 பாகைக்கு இறங்குகிறது. கொழும்பு அறையில் 28, 30. அங்கே குறை தெரியாமல் போனதற்கு அந்த 20 பாகையே போதும்.

எனவே இன்று இரவு போர்டைப் பிளக் பண்ணாமல் ஜன்னலோரம் வையுங்கள். காலையில் கரண்ட் கொடுக்கும் முன்பே அளந்து பாருங்கள். குறை இருக்கும் நேரத்தில் அளக்காவிட்டால் குறையின் அளவு கிடைக்காது.

தோட்டத்து_ஒளி

எங்க லைனிலும் இதே பிரச்சினைதாங்க. 19 அங்குல டி.வி, ஓன் பண்ணி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வரும். பின்னேரம் ஆனா வோல்ட்டேஜ் 180க்கு இறங்குது. ஸ்டெபிலைசர் வாங்கினா சரியாகுமா? எது நல்லது?

ஈயப்புகை

உங்களுடையது வேறு குறையாக இருக்கலாம். 180 வோல்ட்டிலும் பெரிய கெப்பாசிட்டரில் 250க்கு மேல் டி.சி இருக்கும், நல்ல போர்ட் அதில் தாராளமாகத் தொடங்கும். ஸ்டெபிலைசருக்குக் காசு போடும் முன் ஒன்று சொல்லுங்கள்: வராமல் இருக்கும் நேரத்தில் சத்தமோ லைட் நடுக்கமோ உண்டா, இல்லை ஒன்றுமே இல்லாமல் கிடக்குமா? வோல்ட்டேஜ் சரியாக இருக்கும் காலை நேரத்திலும் அப்படித்தானா?

நுவரெலியா_சர்வீஸ்

காலை 6 மணிக்கு அளந்தேன். அறை வெப்பமானியில் 11 பாகை. 22 மைக்ரோ 31 ஓம் காட்டுது! வெளியீட்டு இரண்டும் 0.05தான். ஹெயார் ட்ரையரால் போர்டுக்குச் சூடு காட்டினதும் 31 அப்படியே 6 வரைக்கும் இறங்கினது. பிளக் பண்ணினேன், உடனே வந்துவிட்டது.

ஆனால் ட்ரையரில் முழு போர்டுமே சூடாகுதே. கெப்பாசிட்டரால்தான் வந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஈயப்புகை

கேட்க வேண்டிய கேள்வி. முழு போர்டையும் சூடாக்கினால் ஈயப் பிடிப்பு, ரெசிஸ்டர், ஐசி எல்லாமே சூடாகும். கெப்பாசிட்டரை மட்டும் தனியாகச் சூடாக்க வேண்டும்.

போர்டை மறுபடி நன்றாகக் குளிர விடுங்கள். பிளக் கழற்றி, பெரிய கெப்பாசிட்டரை வடித்து, மல்டிமீட்டரில் டி.சி சுழியத்துக்குப் பக்கம் வந்ததைப் பாருங்கள். சோல்டரிங் அயர்னின் நுனியை அந்த 22 மைக்ரோவின் தலையில் தெரியும் அலுமினியத்தில் 20, 30 விநாடி வைத்துப் பிடியுங்கள். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் உறையில் படக் கூடாது. அயர்னை எடுத்துவிட்டு உடனே பிளக் பண்ணுங்கள். மற்ற எல்லாம் 11 பாகையில் இருக்க, அது ஒன்று மட்டும் சூடாக இருந்து போர்ட் தொடங்கினால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. கரண்ட் இருக்கும்போது அயர்னோடு கிட்டப் போகவே வேண்டாம்.

வடிப்பதற்கு ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் தீப்பொறி பறக்க விடாதீர்கள். அந்த அதிர்ச்சியில் செப்புப் பாதை பிய்ந்துபோகும். 2.2 கிலோ ஓம் 5 வாட் கம்பி ரெசிஸ்டரை இடுக்கியால் பிடித்து இரண்டு கால்களிலும் சில விநாடி வைத்தால் 325 வோல்ட்டும் அமைதியாக இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர் மீட்டருக்கும் அதுதான் நல்லது. மிச்சம் இருக்கும் கொஞ்ச வோல்ட்டுக்கே பல மீட்டர்கள் செத்துப்போகும்.

ஹப்புத்தளை_டீச்சர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, கழற்றிய கெப்பாசிட்டரை உடனே அளக்காதீர்கள். ஈயம் உருக்கிய சூடு காலின் வழியே உள்ளே போயிருக்கும். காலையில் 31 காட்டியது கழற்றிய கையோடு 4, 5 காட்டலாம். "போர்டில் இருக்கும்போது ஏதோ தவறாகக் காட்டியிருக்கு, கெப்பாசிட்டர் நல்லது" என்று திரும்பப் பொருத்திவிடுபவர்கள் உண்டு. கால் மணி நேரமாவது ஆற விட்டு அளக்க வேண்டும்.

இரண்டாவது, வெளியீட்டு 0.05ஐ நான் நம்பமாட்டேன். அந்த இரண்டு 1000 மைக்ரோவும் பக்க இணைப்பில் இருக்கின்றன. எதன் மேல் மீட்டரை வைத்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். ஒன்று நல்லதாக இருந்தால் மற்றது எவ்வளவு கெட்டிருந்தாலும் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். ஒன்றின் ஒரு காலையாவது தூக்கித் தனித்தனியாக அளந்து பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துச் சுழியம் பண்ணுங்கள். வயரின் ஓம் 0.1, 0.2 இருக்கும். 22 மைக்ரோவில் அது பொருட்டில்லை, 1000 மைக்ரோவில் அதுவே முழு அளவையும் விழுங்கிவிடும்.

வயர்மேன்_பதுளை

எல்லாம் சரி டீச்சர். ஆனா ஒன்று விளங்கல்ல. ஐசி தொடங்கவே இல்லை, போர்ட் வேலையே செய்யல்ல. அப்ப அந்தக் கெப்பாசிட்டர் 25 நிமிடத்தில் எப்படிச் சூடாகுது? சூடு எங்கே இருந்து வருது? நான் சொன்ன ரெசிஸ்டரில் இருந்துதானே?

ஈயப்புகை

அண்ணே, அதை நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள். இந்த மாதிரி போர்டில் ஸ்டார்ட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 150 கிலோ ஓம் வட்டாரத்தில் இருக்கும். அதன் ஒரு முனையில் 325 வோல்ட், மறுமுனையில் 15 வோல்ட் அளவு. கணக்குப் போட்டால் 0.6 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். பிளக்கில் இருக்கும்வரை, போர்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்தச் சூடு நிற்பதில்லை. பெரும்பாலான போர்டுகளில் அந்த ரெசிஸ்டர் 22 மைக்ரோவுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் நிற்கும்.

அந்தச் சூடுதான் வருஷக்கணக்கில் திரவத்தை வற்றவைத்தது. இப்போது காலையில் 25 நிமிடம் சூடுகாட்டி எழுப்பிவிடுவதும் அதுவே. அதனால் நீங்கள் காட்டிய இடம் சரி, கெட்ட சாமான் மட்டும் அதன் பக்கத்து வீட்டில் இருக்கிறது. புதுக் கெப்பாசிட்டர் போடும்போது ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி, கெப்பாசிட்டருக்கு எதிர்ப்புறம் சாய்த்து வைத்தால் நல்லது.

நுவரெலியா_சர்வீஸ்

அயர்ன் சோதனை செய்தேன். தலையில் அரை நிமிடம் வைத்துப் பிளக் பண்ணினதும் டி.வி.ஆர் வந்தது. மறுபடி ஆறவிட்டு, இந்த முறை ஐசியின் தலையில் மட்டும் சூடு காட்டிப் பார்த்தேன். வரல்ல. முடிந்தது.

கழற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 24 ஓம். கெப்பாசிட்டன்ஸ் மீட்டரில் 22க்குப் பதில் 4 மைக்ரோ. அடியில் இறப்பர் கொஞ்சம் ஈரமாக, மீன் வாடை மாதிரி ஒரு வாடை. போர்டிலும் கால் சுற்றி மங்கலான கறை.

டீச்சர் சொன்னதும் உண்மை. வெளியீட்டில் ஒன்று 0.05, மற்றது தனியாக 0.6 ஓம். இரண்டையும் சேர்த்தால் 0.05க்கே வருது, அதனால்தான் தெரியாமல் போயிருக்கு.

ஹப்புத்தளை_டீச்சர்

4 மைக்ரோ என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈயப்புகை ஈ.எஸ்.ஆரை மட்டும் குற்றவாளியாக்குகிறார். நான் அதில் முழுதாகச் சேரமாட்டேன்.

ஐசி தொடங்கியதும் 10, 15 மில்லி அம்பியர் குடிக்கும். 16இலிருந்து 10க்கு இறங்கும் 6 வோல்ட்தான் கையிருப்பு. 22 மைக்ரோ அதை 9 முதல் 13 மில்லி விநாடி தாங்கும். 4 மைக்ரோ 2 மில்லி விநாடி அளவுதான் தாங்கும். அதற்குள் வெளியீட்டுக் கெப்பாசிட்டர்கள் நிரம்பித் துணைச் சுற்றில் போதிய வோல்ட் வர வழியில்லை. ஆக ஈ.எஸ்.ஆர் சுழியமாகவே இருந்தாலும் இந்தக் கெப்பாசிட்டரால் போர்டைத் தூக்க முடியாது. சத்தமும் அதைத்தான் சொல்கிறது. முழு 22 மைக்ரோ 10இலிருந்து 16க்கு மறுபடி ஏற, 2 மில்லி அம்பியர் ஸ்டார்ட் மின்னோட்டத்தில், விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம் ஆகும். அது "டிக் டிக்" என்று எண்ணக்கூடிய சத்தம். இங்கே "கிர்ர்" என்று ஒரே ஓட்டமாக வருகிறது என்றால், நிரம்புவது மிகச் சீக்கிரம் நடக்கிறது. கொள்ளளவு போய்விட்டது.

ஈயப்புகை

டீச்சர், சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. மொஸ்பெட்டின் கேட்டை நிரப்பும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு கணத்துக்கு 0.3 அம்பியர் அளவில் இழுக்கும் என்று வையுங்கள். 31 ஓமில் அது 9 வோல்ட் தாழ்வு. 16 நேராக 7க்கு விழுந்து ஐசி நின்றுவிடும். அப்போது கெப்பாசிட்டர் காலியாகவில்லை, கால் முனையில்தான் வோல்ட் விழுந்தது. அதனால் மறுபடி 16க்கு ஏறவும் நேரம் எடுக்காது. அதிலும் "கிர்ர்" தான் வரும். 6 ஓமில் இதே தாழ்வு 2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும், சூட்டில் தொடங்கியதற்கும் அது பொருந்துகிறது.

ஹப்புத்தளை_டீச்சர்

7ஆம் காலுக்குப் பக்கத்தில் 100 நானோ செராமிக் ஒன்று இருந்தால் கேட் துடிப்பை அதுவே கொடுத்துவிடும். உங்கள் 9 வோல்ட் தாழ்வு அரை வோல்ட்கூட ஆகாது. நுவரெலியா_சர்வீஸ், உங்கள் போர்டில் அது இருக்கிறதா?

நுவரெலியா_சர்வீஸ்

அச்சில் இடம் இருக்கு டீச்சர், செராமிக் போடாமல் வெறுமையாக விட்டிருக்காங்க.

ஹப்புத்தளை_டீச்சர்

அப்படியென்றால் ஈயப்புகை சொல்வதற்கும் இடம் உண்டு. இந்த போர்டில் எது முந்தியது என்று பிரித்துச் சொல்ல, 4 மைக்ரோ நல்ல கெப்பாசிட்டர் ஒன்றும், பிறகு 22 மைக்ரோவோடு தொடரில் 30 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போட்டுப் பார்க்க வேண்டும். யாராவது செய்தால் எழுதுங்கள். நடைமுறைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஈ.எஸ்.ஆர் மீட்டர் 100 கிலோ ஹெர்ட்ஸில் பார்க்கிறது. அந்த அதிர்வில் 4 மைக்ரோவும் 22 மைக்ரோவும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். கொள்ளளவு மட்டும் போய் ஈ.எஸ்.ஆர் ஓரளவு இருக்கும் கெப்பாசிட்டரை அது தப்பவிட்டுவிடும். சந்தேகமான சின்னக் கெப்பாசிட்டரைக் கழற்றி இரண்டு மீட்டரிலும் பாருங்கள்.

வயர்மேன்_பதுளை

22க்குப் பதில் 100 மைக்ரோ போட்டா இன்னும் கனகாலம் வருமே? இடமும் இருக்கும்.

ஈயப்புகை

வேண்டாம் அண்ணே. 47 வரைக்கும் போகலாம், தொடங்க அரை விநாடிக்கும் குறைவான தாமதம்தான் வரும். 100 போட்டால் தாமதம் மட்டும் பிரச்சினையில்லை. நாளைக்கு வெளியீட்டில் ஷோர்ட் வந்தால், ஐசி நின்று நின்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் மொஸ்பெட் அந்தப் பாரத்தைக் கூடுதல் நேரம் சுமக்கும்.

வோல்ட்டைக் குறைக்கவும் கூடாது. காலில் 14, 15 வோல்ட்தானே என்று 25 வோல்ட் போடுகிறார்கள். வெளியீட்டில் சுமை ஏறும்போது துணைச் சுற்றின் வோல்ட்டும் மேலே போகும். 50 வோல்ட், 105 பாகை என்று அச்சடித்தது வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும், போடும் முன் புதுசையும் மீட்டரில் வையுங்கள். கனகாலம் தட்டில் கிடந்த சரக்கும், பெயர் மட்டும் ஒட்டிய சரக்கும் கலந்து வருகின்றன. 22 மைக்ரோ 50 வோல்ட் இரண்டு ஓமுக்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வெறும் இடத்தில் 100 நானோ 50 வோல்ட் செராமிக் ஒன்றையும் போடுங்கள், செலவே இல்லை.

கறையைத் துடைக்காமல் புதுசைப் போடாதீர்கள். ஒழுகிய திரவம் செப்பை அரிக்கும், கசிவும் கொடுக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பல் துலக்கும் பிரஷும் போதும். பிறகு முழுக்க உலரவிட்டுப் பொருத்துங்கள்.

நுவரெலியா_சர்வீஸ்

22 மைக்ரோ ஒன்று (மீட்டரில் 0.9), 1000 மைக்ரோ இரண்டுமே புதுசு, செராமிக் ஒன்று, எல்லாம் போட்டாச்சு. ரெசிஸ்டரையும் தூக்கி வைத்தேன். அதையும் அளந்தேன் வயர்மேன் அண்ணே, 150க்கு 152 கிலோ. நல்லா இருக்கு. இரவு முழுக்க ஜன்னலோரம் கிடந்து, காலையில் 10 பாகையில் பிளக் போட்ட உடனே பூட் ஆனது. 7ஆம் காலில் 13.8 வோல்ட், ஆடாமல் நிற்குது.

தோட்டத்து_ஒளி

அண்ணே, நீங்க கேட்டதுக்குப் பதில். காலையில வோல்ட்டேஜ் 225 இருக்கும்போதும் அப்படித்தான். சத்தம் ஒன்னுமே இல்ல, லைட்டும் இல்ல, செத்த மாதிரி கிடக்கும். டி.வி திறந்து பார்த்தேன், இதே ஐசி நம்பர்தான். மச்சான் மீட்டர் வச்சுப் பார்த்தார், 7ஆம் காலில் 9 வோல்ட், ஆடாம நிக்குது.

ஈயப்புகை

உங்களுடையதுதான் வயர்மேன் அண்ணே சொன்ன குறை. 16க்கு ஏறாமல் 9இல் அசையாமல் நின்றால், வருகிற மின்னோட்டம் ஐசி விழித்திருக்கவே போதவில்லை. கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் அந்த எண் 10க்கும் 16க்கும் நடுவில் நிலைகொள்ளாமல் ஆடியிருக்கும்.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் வைத்தீர்களா? டி.வியின் உலோகத் தகட்டில் வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து மைனஸ் லைனோடு சேர்ந்தது, கை பட்டால் ஷொக் அடிக்கும்.

வயர்மேன்_பதுளை

தம்பி, கரண்ட்டைக் கழற்றிட்டு ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி அளந்து பாருங்க. இரண்டு ரெசிஸ்டர் தொடராக இருந்தால் இரண்டையும் பாருங்க, பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும். பெரிய கெப்பாசிட்டரை வடிக்காமல் மட்டும் கை வைக்காதீங்க. இவங்க டி.வி.ஆரில் அந்த ரெசிஸ்டர் நல்லா இருந்ததால கழற்றி ஒரு நிமிடத்தில் 325 வோல்ட்டும் அது வழியே இறங்கிரும். உங்களுடையதில் இறங்குற வழியே அடைபட்டுக் கிடக்கு, கனநேரம் அப்படியே நிக்கும்.

தோட்டத்து_ஒளி

ரெண்டு இருக்கு அண்ணே, 68 கிலோ என்று நிறக் கோடு. வடிச்சு, காலைத் தூக்கி அளந்தோம். ஒன்னு 68, மத்தது 700 கிலோவுக்கு மேல காட்டுது.

வயர்மேன்_பதுளை

ரெண்டையும் மாற்றுங்க, 2 வாட் மெட்டல் பிலிம். அரை வாட் போட்டா மறுபடி இதே இடத்துக்கு வருவீங்க. திறந்த கையோட அந்தச் சின்னக் கெப்பாசிட்டரையும் காலைக் குளிரில் ஒருக்கா அளந்துருங்க.